அறுவைக்குப் பிந்திய செப்சிஸ்: பயிற்சிக் காட்சி எழுதும் முறை

மூச்சு விடுவதும், நாடி துடிப்பதும், கேட்ட வினாவுக்கு விடை கூறுவதுமான மனிதப்பாவைகள் இன்று மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் இடம் பெற்று வருகின்றன. அவற்றைக் கொண்டு நடத்தத்தக்க பாவனைப் பயிற்சிகளுள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் செப்சிஸ் ஒன்றாகும். ஆயினும் இதற்கென எழுதப்படும் காட்சித் திட்டங்களில் எளிதில் நேரக்கூடிய பிழை ஒன்று உண்டு. காட்சி தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே இரத்த அழுத்தம் 80-க்கு வீழ்கிறது, மானிட்டர் அலறுகிறது, மாணவர்கள் ஓடுகிறார்கள். இஃது அதிர்ச்சி நிலைக்குச் சிகிச்சை செய்யும் பயிற்சியேயன்றிச் செப்சிஸைக் கண்டறியும் பயிற்சியன்று.

செப்சிஸ் என்பது நோய்த்தொற்றை எதிர்க்க எழும் உடலின் செயல் நெறி தவறி, தன் உறுப்புகளையே பழுதாக்கும் நிலை. வார்டில் அது ஆரவாரமின்றி வருகிறது. சுவாச எண்ணிக்கை சற்றே கூடும், நோயாளி கேட்டதையே மீண்டும் கேட்பார், சிறுநீர் குறையும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் பின்னரே வீழ்கிறது. அறுவை முடிந்த நோயாளியிடம் இவற்றை மறைக்கும் திரைகளும் உள்ளன. நாடி விரைந்தால் வலியே காரணம் எனத் தோன்றும். ஆறு மணிக்கு ஒரு முறை கொடுக்கப்படும் பாரசிட்டமால் காய்ச்சலை அடக்கிவிடும். இத்திரைகளையும் சேர்த்தே காட்சியை எழுத வேண்டும். அவை இல்லாத காட்சி எத்துணை விலையுயர்ந்த பாவையைக் கொண்டு நடத்தினும் உண்மைக்கு ஒத்ததாகாது.

முதலில் எழுத வேண்டியவை நோக்கங்களே. ‘செப்சிஸைப் பற்றி அறிந்துகொள்ளுதல்’ என்பது நோக்கமாகாது. அதனை எவரும் கண்ணால் பார்க்க இயலாது. ஒரு காட்சிக்கு மூன்று நோக்கங்கள் போதும். மாணவர் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் சுவாசத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுதல். தாம் கண்ட குறிகளை ஒன்றாகச் சேர்த்துச் செப்சிஸ் என்னும் சொல்லையே வாய்விட்டுக் கூறி மருத்துவரை நேரில் அழைத்தல். மருத்துவர் ஆணையிட்டதும் வளர்சோதனைக்கு இரத்தம் எடுத்து, சோதனை முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் முதல் அளவைத் தொடங்குதல். நாரட்ரினலின் அளவைக் கணக்கிடுதல் போன்றவை வேறொரு நாளைக்கு உரியவை.

இனி ஒரு காட்சி. மாவட்ட மருத்துவமனை ஒன்றின் அறுவை வார்டு. இரவு 2 மணி. நோயாளி 58 வயதுப் பெண்மணி. எடை 60 கிலோ. பெருங்குடல் புற்றுநோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை நீக்கி இணைத்த நான்காம் நாள். இணைப்பிலிருந்து கசிவு தொடங்கியுள்ளது. இதனைக் காட்சி எழுதுவோர் மட்டுமே அறிவர். வழக்கமான இரத்த அழுத்தம் 140/85, இப்போது 112/70. நாடி 104. வெப்பம் 99 டிகிரி பாரன்ஹீட். ஒரு மணி நேரத்திற்கு முன் பாரசிட்டமால் கொடுத்ததாகக் குறிப்பு உண்டு. சிறுநீர்ப் பையில் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்தது 40 மில்லிலிட்டர். இவ்வெடைக்கு 60-ஆவது இருத்தல் வேண்டும். வயிற்று வலி மாலையைவிட மிகுதி எனப் பாவை கூறுகிறது.

சுவாசத்தை எவ்வாறு வைப்பது என்பதில்தான் எழுதுவோரின் திறம் விளங்கும். குறிப்பேட்டில் கடந்த மூன்று நாட்களாகச் சுவாசம் 18, 18, 18 என்றே நிரம்பியிருக்கட்டும். இது கற்பனையன்று; எண்ணாமலே எழுதப்படும் எண் எது என்பதை வார்டு அறிந்தோர் அனைவரும் அறிவர். பாவையின் மார்போ நிமிடத்திற்கு 24 முறை எழுந்து தாழட்டும். மானிட்டரைத் தொடக்கத்தில் இணைத்தல் கூடாது. இணைத்தால் அது சுவாச எண்ணைத் தானே காட்டிவிடும், மாணவர் மார்பைப் பார்க்கவே மாட்டார். இரத்த அழுத்தப் பட்டையும் வெப்பமானியும் கடிகாரமும் போதும்.

மாணவர் தயங்கி நின்றால் உதவும் சாடைகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாடை பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டலாம். நோயின் பெயரைச் சொல்லலாகாது. நான்காம் நிமிடத்தில் அருகிலிருக்கும் மகள், “சிஸ்டர், அம்மா காலையில் நன்றாகப் பேசினார்கள், இப்போது மணி என்ன என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள்” எனலாம். பாவையால் காட்ட இயலாதவற்றையும் இவ்வழியே கொணரலாம். குளிர்ந்த கையைப் பல பாவைகள் காட்டமாட்டா; மாணவர் கையைத் தொட்டால் மட்டும், “கை சில்லிட்டிருக்கிறது; நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 4 விநாடி ஆகிறது” என ஆசிரியர் கூறுவார். தொடாதவருக்கு அச்செய்தி இல்லை.

தொலைபேசியில் பேசும் மருத்துவரின் பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதுதல் நலம். அவர் உறக்கக் குரலில், “வலிதானே? டிரமடால் கொடுங்கள், காலையில் பார்க்கிறேன்” என்பார். சுவாச எண், மனக்குழப்பம், சிறுநீர்க் குறைவு ஆகிய மூன்றையும் கூறி நேரில் வரும்படி கேட்டால் மட்டுமே இணங்குவார். இந்நிபந்தனை தாளில் இல்லையெனில், இரக்கமுள்ள ஆசிரியர் ஒரு குழுவுக்கு விரைவில் இணங்குவார், மற்றொரு குழுவுக்கு இணங்கமாட்டார். பயிற்சி ஒரே பயிற்சியாயிராது.

எட்டாம் நிமிடம் வரை எதுவும் செய்யப்படாவிடின் சுவாசம் 28, நாடி 122, அழுத்தம் 98/58 ஆகும். பன்னிரண்டாம் நிமிடத்தில் 84/46. டிரமடால் கொடுத்தாலும் இந்தப் போக்கு மாறாது. சரியான செயல்கள் நிகழ்ந்தாலும் பாவை முற்றும் தேறிவிடுவதாக எழுதுதல் பொய்யைக் கற்பிப்பதாகும். செப்சிஸ் அதிர்ச்சியிலும், திசுக்களுக்கு இரத்தம் போதாத நிலையிலும் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டராவது கிரிஸ்டலாய்டு திரவம் செலுத்துதல் 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டியிலுள்ள பரிந்துரை. இந்நோயாளிக்கு அது 1,800 மில்லிலிட்டர். பதினைந்து நிமிடக் காட்சியில் அதில் ஒரு சிறு பகுதியே செல்லும். எனவே அழுத்தம் 104/60-க்கு ஏறலாம். சுவாசம் 26-இல் நிற்கட்டும். கசிவை அடக்க அறுவை மருத்துவர் வந்தாக வேண்டும்; அவர் வரவே காட்சியின் முடிவு.

பின்னாய்வு வினாக்களைக் காட்சி முடிந்தபின் யோசிப்பது வழக்கமாகிவிட்டது. அது தவறு, நோக்கங்களை எழுதிய அன்றே அவற்றின் எதிரில் வினாக்களையும் எழுத வேண்டும். காட்சி பதினைந்து நிமிடமாயின், பின்னாய்வுக்கு முப்பது நிமிடமாவது ஒதுக்குக. “ஏன் சுவாசத்தை எண்ணவில்லை?” என்னும் வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு: தலைகுனிவு. பாஸ்டன் நகரத்துப் பாவனைப் பயிற்சி வல்லுநர் சிலர் 2006-இல் எழுதிய கட்டுரையில், ஆசிரியர் தாம் கண்டதையும் தம் கவலையையும் மறைக்காமல் கூறி, பின்னர் மாணவரின் எண்ணத்தைக் கேட்கும் முறையை விளக்கினர். அதன்படி வினா இவ்வாறு அமையும்: “குறிப்பேட்டில் 18 என்றிருந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் நாடிக்குச் சென்றதைக் கண்டேன். நோயின் முதற்குறி அங்கே தவறிவிடுமோ எனக் கவலை கொண்டேன். அந்த எண்ணைப் பார்த்தபோது உங்கள் மனத்தில் என்ன இருந்தது?”

இதற்கு வரும் விடைகள் பலவாறாக இருக்கும். முன்னைய செவிலியரை ஐயுறுவது மரியாதையன்று என ஒருவர் கூறலாம். நாற்பது நோயாளிகளுக்கு ஒருவராக இருக்கும் இரவில் ஒரு நிமிடம் எங்கே கிடைக்கும் என மற்றொருவர் கேட்கலாம். முதலாமவருக்கு வேண்டுவது ஒரு விளக்கம்; இரண்டாமவருடையது வார்டின் ஆள்பலத்தைப் பற்றிய முறையீடு. அதனைப் பயிற்சியறையிலேயே விட்டுவிடாமல் எழுதிக் கண்காணிப்பாளருக்கு அனுப்புதல் ஆசிரியரின் கடமையாகும்.