விட்ட பாலிசி... மறுபடி ஒண்ணாம் மாசம்!

‘அங்கே கம்பெனியே வைத்தியம் பார்க்குது, இங்கே எதுக்கு வெட்டியா பிரீமியம்?’ தூத்துக்குடியிலிருந்து துபாய்க்கோ கப்பலுக்கோ வேலைக்குப் போகிற பலர், இப்படித்தான் ஊரில் போட்ட மருத்துவ பாலிசியை விட்டுவிடுகிறார்கள்.

பத்து வருஷம் கழித்து, சர்க்கரை வியாதியோடு ஒருவர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் புது பாலிசி எடுக்கிறார். விபத்துக்கு உடனே பணம் உண்டு. மற்ற நோய்களுக்கு 30 நாள் பொறுக்கணும். சர்க்கரையால் வரும் கால் புண்ணுக்கோ, 2028 ஜூன் வரைகூடக் காத்திருக்க நேரலாம். 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம்.

‘முன்னே கட்டினது என்னாச்சு?’ என்பீர்கள். புதுப்பிக்கும் தேதி தாண்டி, சலுகை நாட்களும் போனதும் தொடர்ச்சி அறுந்துபோச்சு. துபாய் கம்பெனியின் காப்பீடும் இங்கே கணக்கில் சேராது.

கொடுமையாகத் தெரிந்தாலும் இது நியாயம்தான். வியாதி வந்தபின் சேருகிறவரின் செலவு, விடாமல் கட்டுகிறவர் தலையில் அல்லவா விழும்!

ஆகவே, போகும்போது பாலிசியை விடாதீர்கள். விட்டுவிட்டீர்களா? திரும்புவதற்கு மூணு வருஷம் முன்பே, வெளிநாட்டில் இருப்பதையும் சர்க்கரையையும் மறைக்காமல் சொல்லி, புதுசு எடுங்கள். காத்திருப்பு அங்கேயே கழிந்துவிடும்.