வாய் கோணினால் மணியைப் பாருங்கள்

காலை 6 மணிக்குப் பெரட்டில் நன்றாகப் பேசியவர், 7 மணிக்கு வாய் ஒரு பக்கம் கோணி, நாக்குக் குழறி, தூக்கிய கை தானே கீழிறங்க நிற்கிறார். இது காற்றுப் பிடிப்பல்ல, பக்கவாதம்! தைலம் தேய்க்காமல் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள்.

மந்தினிலிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பார். கணக்கு 7-லிருந்து அல்ல, 6-லிருந்து. மூளை நரம்பை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள், அதாவது 10.30-க்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆபத்து. ஆகவே வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். விழுங்கினால் புரையேறலாம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். நேரம் தாண்டிவிட்டாலும் கொண்டுபோங்கள். சிலருக்கு வேறு சிகிச்சை உண்டு.