உசிலம்பட்டியில் கேள்வி யாருடையது?

1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய 6,000 பெண் குழந்தைகள் பிரமலைக் கள்ளர் குடும்பங்களில் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. அதன் பிறகு மதுரைக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிறு நகரத்துக்கு நிருபர்களும் ஆய்வாளர்களும் வந்தபடியே இருந்தார்கள். பெரும்பாலோர் கையில் இருந்தது ஒரே கேள்விதான்: இந்தச் சாதித் தாய்மார் ஏன் தங்கள் பெண் குழந்தைகளைக் கொல்கிறார்கள்?

கொலைகள் நடந்தன. அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கேள்வி, ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகளை எழுதிவிட்டிருந்தது. குற்றத்துக்குரிய அலகு சாதி, குற்றவாளி தாய். பெண்ணிய ஆய்வுமுறையும் காலனிய நீக்க ஆய்வுமுறையும் எங்கே கை வைக்கின்றன என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் சாதி. ஒரு முழுச் சாதியையே குற்றத்தின் அலகாக்கும் பழக்கம் உசிலம்பட்டிக்குப் புதிதல்ல. குற்றப் பழங்குடிகள் சட்டத்தை அங்கே இன்றும் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து எதிர்த்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. தாத்தாவின் பெருவிரல் ரேகை காவல் நிலையத்தில் இருந்த வீட்டுக்குள், நோட்டும் பேனாவுமாக நுழைபவர் வெறும் ஆய்வாளராக மட்டும் தெரியமாட்டார். படிக்கத் தெரியாத பாட்டியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டி, ‘இங்கே கைநாட்டு வையுங்கள்’ என்று கேட்பதைப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் பாதுகாப்பு என்கின்றன. இந்த ஊரில் அதற்கு வேறு நினைவு உண்டு. ஆய்வு என்ற சொல்லே மாவோரி மக்களிடம் கசந்துபோன வரலாற்றை லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல் எழுதினார். அதற்கு நியூசிலாந்து வரை போக வேண்டியதில்லை, செக்கானூரணி தாண்டினால் போதும்.

சாதி என்ற அலகு எண்ணிக்கையையும் கோணலாக்கியது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த கள்ளர் பெண்களில் பலர், பெண் குழந்தை பிறந்ததும் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்பதும், அப்படிப் போன குழந்தைகளில் எத்தனை இறந்திருக்கும் என்ற மருத்துவமனை வட்டாரத்தின் ஊகமும் 1986 கட்டுரையின் கணக்குக்கு ஆதாரங்கள். சீக்கிரம் வீடு திரும்பிய தாய் இதில் கொலைக் கணக்கில் சேரும் வாய்ப்பு உண்டு. ஆண் குழந்தை பெற்றவர்களும் அதே வேகத்தில் போனார்களா, மற்ற சாதிப் பெண்கள் எப்போது போனார்கள் என்ற ஒப்பீடு இல்லாமல் இந்த எண் நிற்காது.

பெண் குழந்தைகள் கொல்லப்படுகின்றனவா என்பதைக் கண்டறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. இயற்கையில், பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகளே சற்று அதிகமாக இறக்கின்றன. பெண் குழந்தை இறப்பு அதைத் தாண்டினால் அங்கே யாருடைய கையோ புகுந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் 1997இல் வெளியிட்ட கட்டுரை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டது. சில பதிவேடுகளில் இறப்புக்குக் காரணம் ‘சமூகக் காரணங்கள்’ என்றே எழுதப்பட்டிருந்தது. மாநிலம் முழுவதையும் விரித்துப் பார்த்தபோது, மதுரையிலிருந்து சேலம், தருமபுரி வழியாக வடக்கே நீளும் ஒரு பட்டை தெரிந்தது. அதில் பல சாதிகள் இருந்தன. அலகை மாற்றியதும் ‘உசிலம்பட்டிப் பிரச்சினை’ தமிழ்நாட்டுப் பிரச்சினையானது.

இரண்டாவது தீர்ப்பு தாய். பதிவேடு இங்கே உதவாது, அதில் தாயின் குரல் இல்லை. பெண்ணிய ஆய்வு வேலையைத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்னுதாரணம் மதுரையில் இல்லை, செங்கல்பட்டில் இருக்கிறது. அங்கே 1981இல் சுந்தரி ரவீந்திரனும் தலித் கிராமப் பெண்களும் சேர்ந்து தொடங்கிய ‘ருவ்செக்’ அமைப்பில் அந்தக் கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்கள், ஆய்வின் பங்காளிகள். கருக்கலைப்பு பற்றிக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை வழக்கமாகக் கேட்பது ‘ஏன் கருத்தடை முறையைப் பயன்படுத்தவில்லை?’ என்பது. சுந்தரி ரவீந்திரனும் பி.பாலசுப்ரமணியனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு தலைமுறையைச் சேர்ந்த 66 பெண்களிடமும் சில கணவர்களிடமும் பேசி, அதற்கும் முந்தைய கேள்விக்குப் போனது: கணவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? பல கருக்கலைப்புகளுக்குப் பின்னால் இருந்தது, மனைவி மறுக்க முடியாத உறவு. துறையின் கேள்வித்தாளில் இதை எழுதக் கட்டமே கிடையாது. மாத்திரையையும் லூப்பையும் பற்றி எத்தனை முறை கேட்டாலும் இந்தப் பதில் வந்திருக்காது.

இதே திருப்பத்தை உசிலம்பட்டியில் செய்தால், ‘ஏன் கொன்றாய்?’ என்பது ‘அந்த வீட்டில் முடிவு எடுத்தது யார், உன்னைக் கேட்டார்களா?’ என்று மாறும். பிரசவித்து எழ முடியாமல் கிடந்தவளை விட்டுவிட்டு மாமியார், கணவன், சீர்செனத்திக் கணக்குப் போடும் பங்காளிகள் எல்லாரும் சட்டகத்துக்குள் வருவார்கள். முன்பு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்ட சமூகத்தில், பெண் வீட்டார் நகையும் பணமும் கொடுக்கும் நிலை எப்படி வந்தது, வைகை அணைத் தண்ணீர் பாய்ந்த ஊருக்கும் பாயாத மானாவாரி ஊருக்கும் இடையில் சம்பந்தம் பேசுவது எப்படி மாறியது என்றும் கேட்க வேண்டிவரும்.

இங்கேதான் சிக்கல். காலனிய நீக்கம் ‘கேள்வியைச் சமூகம் தீர்மானிக்கட்டும்’ என்கிறது. உசிலம்பட்டியில் சமூகம் என்று கூட்டம் போட்டால் வந்து உட்காருபவர்கள் யார்? ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கத்தார். சாதிக்கு அவப்பெயர் வரும், இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பதுதான் அவர்கள் முன்வைக்கும் ஆய்வுத் திட்டமாக இருக்கும். அவர்களது கோபத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு, அந்த நியாயத்துக்குப் பின்னால் மருமகளின் வாய் அடைபடுவதும் உண்மை. இரண்டு அணுகுமுறைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும் கருத்தரங்கக் கட்டுரைகள் இந்த மோதலைத் தொடுவதே இல்லை. எனக்கு இதில் தயக்கமில்லை: சாதியை முத்திரை குத்தும் உரிமை வெளியாளுக்கு இல்லை, கேள்வியைத் தடுக்கும் உரிமை சாதிச் சங்கத்துக்கும் இல்லை.

அப்படியானால் நடைமுறையில் என்ன மாறும்? மாமியார்களும் மருமகள்களும் தனித்தனியாக உட்கார வேண்டும். பெரிய வீட்டுத் திண்ணையில் நடக்கும் கூட்டத்துக்குத் தலித் பெண்கள் வந்தாலும் பேசமாட்டார்கள், அவர்கள் தெருவிலேயே தனிக் கூட்டம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட இறப்பைப் பற்றி எந்தப் பெண்ணிடமும் நேராகக் கேட்கக் கூடாது. தொண்ணூறுகளில் தாய்மார் கொலை வழக்கில் சிறைக்குப் போன வட்டாரம் இது, ஆய்வாளரின் நோட்டும் நீதிமன்றத்தில் சாட்சியாகலாம். எல்லாப் பிரசவங்களையும் வரிசையாகக் கேட்கும் மகப்பேறு வரலாறு, பெயரில்லாமல் தொகுக்கப்பட்டால், ஆண்-பெண் இறப்பு வித்தியாசத்தைத் தானே காட்டிவிடும்.

இதற்கெல்லாம் கேள்விப் பட்டியல் தயாராவதற்கு முன்பே சில மாதங்கள் ஊரில் இருக்க வேண்டும். நம் நிதி விண்ணப்பங்களோ கருதுகோளையும் வினாத்தாளையும் முதல் நாளே இணைக்கச் சொல்கின்றன. நெறிமுறைக் குழு ஒப்புதல் தருவதும் அச்சிட்ட அந்தத் தாளுக்குத்தான். பிறகு ஊர்ப் பெண்கள் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தால் அதற்குத் திருத்த விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. வினாத்தாள் இல்லாத முதல் கட்டத்துக்குத் தனியாகப் பணமும், அதில் கலந்துகொள்ளும் பெண்களுக்கு அன்றைய கூலியும் திட்டச் செலவில் ஒரு வரியாக ஏற வேண்டும். களை எடுக்கப் போகும் மருமகள் கூலியை விட்டுவிட்டு வந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தால், மறுபடியும் திண்ணைக்காரர்கள் மட்டுமே கேள்வியைத் தீர்மானிப்பார்கள்.