ஒன்றரை வருஷ டிப்ளமாவா, ஆறு வார சர்டிஃபிகேட்டா? ஹோட்டல் வேலைக்கு எது லாபம்?

நெய்வேலி பக்கம் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கும் பலருக்கு ஹோட்டல் லைனுக்கு மாறலாமா என்ற யோசனை இருக்கு. உடனே கேட்பது, "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். நான் முதலில் பார்ப்பது ஃபீஸை இல்ல, நீங்க விடப்போகும் சம்பளத்தை.

ஒரு கணக்கு போடுவோம். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் மாசம் 14,000 ரூபாய் வாங்குறீங்கன்னு வச்சுக்கலாம். முன் அலுவலகத்துக்கான, அதாவது ஃப்ரன்ட் ஆபீஸுக்கான ஒன்றரை வருஷ டிப்ளமாவில் ஒரு வருஷம் வகுப்பு, ஆறு மாசம் ஹோட்டலில் பயிற்சி. 18 மாச சம்பளம் போனால் 2,52,000. ஃபீஸ் ஒரு லட்சம்னு வச்சால் மொத்தம் 3,52,000. தரமணியிலோ துவாக்குடியிலோ படித்தால் தங்கும் செலவு தனி.

ஆறு வாரப் பயிற்சிக்கு இழப்பது சுமார் 21,000 மட்டும். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10ல் தொடங்கிய 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' திட்டத்தில் பரிமாறும் பயிற்சி ஆரம்பத்தில் ஆறு வாரம்தான், ஃபீஸும் கிடையாது.

வித்தியாசம் 3,31,000. டிப்ளமாவால் மாசம் 4,000 கூடுதலாகக் கிடைத்தால் அதை எடுக்க கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஆகும். 8,000 கூடினால் மூன்றரை வருஷம்.

அதனால் என் கருத்து இதுதான். பார் சர்வீஸுக்கு குறுகிய சர்டிஃபிகேட் போதும். பெக் அளவு, கிளாஸ் வகை, ஆர்டர் எடுப்பது எல்லாம் கவுன்ட்டரில் நின்றால்தான் கை வரும். ஆனால் டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் சம்பளமா நினைச்சு இஎம்ஐ போடாதீங்க. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு 2022ல் நுகர்வோர் ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஃப்ரன்ட் ஆபீஸ் வேற கதை. ரிசர்வேஷன், பில்லிங், அன்றைய கணக்கை ராத்திரி முடிக்கும் நைட் ஆடிட், வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவது, இதெல்லாம் ஆறு வாரத்தில் பிடிபடாது. மேல சூப்பர்வைசர் ஆகணும்னா டிப்ளமாவுக்கு அர்த்தம் இருக்கு.

ஆனால் டிப்ளமாவோட மதிப்பு அந்த ஆறு மாசப் பயிற்சியில்தான். முழுக்க பேங்க்வெட்டில் தட்டு தூக்க விட்டால் ஃப்ரன்ட் ஆபீஸ் இன்டர்வியூவில் சொல்ல எதுவும் இருக்காது. சேரும் முன்னாடி பழைய மாணவரின் பயிற்சிக் கடிதத்தைக் கேளுங்க. ஹோட்டல் பேர், தேதி, எந்தப் பிரிவு என்று தெளிவா இருக்கணும். தேசிய கவுன்சில் டிப்ளமான்னு சொன்னால், அந்த கவுன்சிலின் கல்லூரிப் பட்டியலில் பேர் இருக்கான்னும் பாருங்க.

கடைசியா, ஆஃபர் லெட்டரில் சாப்பாடும் ரூமும் சம்பளத்துக்கு மேலயா, சம்பளத்துக்குள்ள கணக்கு போட்டதா? 15,000ம் ரூமும் சாப்பாடும் தரும் வேலை, வாடகை கொடுத்துத் தங்கும் 19,000 வேலையைவிட அதிகமா மிச்சப்படுத்தலாம்.