பணம் வந்துவிட்டது; ஷிப்பிங் பில் முடிந்ததா?

ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான கெடுவை 9 மாதத்திலிருந்து 15 மாதமாக ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் உயர்த்தியது. அமெரிக்க வரியால் தத்தளித்த திருப்பூருக்கு இது மூச்சுவிட இடம் தந்தது. ஆனால் திருப்பூர் அலுவலகங்களில் பெரும் தலைவலி, வராத பணம் அல்ல. வந்த பிறகும் கணக்கில் முடியாத பணம். கெடு நீண்டால் இந்தச் சிக்கல் தீராது, ஆறப்போடத்தான் வசதியாகும்.

ஏற்றுமதியாளரின் இ.ஆர்.பி. மென்பொருள் ஆர்டர் எண்ணையும் இன்வாய்ஸ் எண்ணையும் வைத்து ஓடுகிறது. அரசோ ஷிப்பிங் பில் எண்ணை வைத்துப் பார்க்கிறது. சுங்கத் துறையில் பதிவாகும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். என்ற கண்காணிப்பு அமைப்புக்குப் போய், அங்கிருந்து ஏற்றுமதியாளரின் வங்கிக்கு வந்து நிலுவையாக நிற்கும். பணம் வந்ததும் எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அந்த நிலுவை தீரும்.

ஓர் எடுத்துக்காட்டு. 10,000 டி-ஷர்ட், ஒன்று 4.20 டாலர், எஃப்.ஓ.பி. விலை. மொத்தம் 42,000 டாலர். சரக்கு 6,000, 4,000 என இரண்டு தவணையாகத் தூத்துக்குடி வழியாகப் போகிறது. முதல் பில் 25,200 டாலர், இரண்டாவது 16,800. இரண்டாம் தவணைக்கு ஷிப்பிங் பில் போட்ட பிறகு கடைசிப் பரிசோதனையில் 100 உருப்படி கழிந்துவிடுகிறது. பேக்கிங் பிரிவு இ.ஆர்.பி.யில் 3,900 என்று திருத்துகிறது, இன்வாய்ஸும் மாறுகிறது. சுங்கத்தின் பதிவில் மட்டும் 4,000 அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து வாங்குபவர் இரண்டு இன்வாய்ஸுக்கும் சேர்த்து ஒரே தொகையாக 40,940 டாலர் அனுப்புகிறார். கணக்குப் பிரிவு அதை வாடிக்கையாளர் பெயரில் மொத்தமாக வரவு வைக்கிறது. பேரேட்டில் சின்னக் குறைதான் தெரியும். வங்கியிலோ இரண்டு பில்லும் முழுத் தொகைக்கு நிலுவையில் நிற்கின்றன.

சரியாகப் பிரித்தால் முதல் பில்லுக்கு 25,200 முழுமையாகச் சேரும். இரண்டாவதற்கு 15,740 வரும். 1,060 டாலர் குறையும். அதில் 420 ஏற்றப்படாத 100 உருப்படியின் விலை. 600 தாமதத்துக்காக வாங்குபவர் பிடித்தது. 40 வழியில் வங்கிகள் எடுத்த கட்டணம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சான்று வேண்டும். முதலாவதற்குச் சரக்குக் குறைவைச் சுங்கம் பதிவுசெய்த ஆவணம், இரண்டாவதற்கு வாங்குபவரின் டெபிட் நோட், மூன்றாவதற்கு ஸ்விஃப்ட் செய்தியின் நகல். 

இந்த மூன்று சான்றும் பணம் வந்த வாரத்தில் எளிதாகக் கிடைக்கும். ஓராண்டு கழித்துக் கேட்டால் வாங்குபவர் அலுவலகத்தில் ஆளே மாறியிருப்பார். அதனால்தான் நீண்ட கெடுவை நம்பி இருக்கக்கூடாது என்கிறேன். பணம் வந்ததாகக் காட்டப்படாத பில்லுக்குக் கொடுத்த டிராபேக்கைச் சுங்கம் திரும்பக் கேட்கும், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். சலுகைக்கும் அதே ஆபத்து உண்டு. 600 டாலரைத் தள்ளுபடியாக வங்கி ஏற்றாலும் அந்தப் பங்குக்கான சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். காரணம் பிரிக்கப்படாவிட்டால் இது 600 டாலரோடு நிற்காது; முழுப் பில்லின் சலுகையும் கேள்விக்குள்ளாகும்.

2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்களை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே முடிக்க அனுமதித்தது. நல்ல முடிவு. ஆனால் டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் நம் இரண்டாவது பில் 14 லட்சத்தைத் தாண்டுகிறது. சாதாரண ஆர்டருக்கே இந்தச் சலுகை எட்டாது.

தீர்வு மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. ஷிப்பிங் பில் எண் இல்லாமல் எந்த வெளிநாட்டு வரவையும் இ.ஆர்.பி. ஏற்கக்கூடாது. இன்வாய்ஸ் தொகையோடு சுங்கம் பதிவுசெய்த தொகையும் அருகருகே தெரிய வேண்டும்; இரண்டும் வேறுபட்டால் அன்றே எச்சரிக்க வேண்டும். குறைவு ஒவ்வொன்றுக்கும் காரணமும் ஆவணமும் இணைத்த பிறகே வரவு முடிய வேண்டும். வங்கிகளும் தம்மிடம் உள்ள நிலுவைப் பட்டியலை மாதம்தோறும் இ.ஆர்.பி.யில் ஏற்றக்கூடிய கோப்பாகத் தர வேண்டும். 2023 நவம்பரில் தொடங்கிய புதிய முறையில் இ-பி.ஆர்.சி. சான்றை ஏற்றுமதியாளரே உறுதிசெய்கிறார். பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்ட பிறகு, அதற்கான தகவலை வங்கியின் திரையிலேயே வைத்திருப்பது நியாயமில்லை.