பஞ்சலோகத்தைப் புளி காட்டிக்கொடுக்காது

அசல் பஞ்சலோகக் காப்பு கறுக்காது, களிம்பு பிடிக்காது, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், பித்தளை அப்படியில்லை என்று கடைகளில் சொல்கிறார்கள். வாங்குபவர்களும் நம்புகிறார்கள். இந்த அடையாளங்களில் ஒன்றுகூடப் பஞ்சலோகத்தைப் பித்தளையிலிருந்து பிரித்துக் காட்டாது. பஞ்சலோகத்தில் சேரும் ஐந்து உலோகங்களில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் பெரும்பாலான பட்டியல்களில் உண்டு. மற்ற இரண்டு இடங்களைத் துத்தநாகம், வெள்ளீயம், காரீயம், இரும்பு என ஊருக்கும் பட்டறைக்கும் ஏற்ப வேறு வேறு உலோகங்கள் பிடிக்கின்றன. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கும்போது செம்போடு பித்தளையும் காரீயமும் சேர்த்து, தங்கமும் வெள்ளியும் மிகச் சிறிதளவே இடுகிறார்கள். உருக்கில் பெரும்பங்கு செம்புதான். வியர்வை பட்டால் செம்பு கறுக்கும், பச்சையாகக் களிம்பு கட்டும். புளியில் உள்ள அமிலம் அந்தக் களிம்பைக் கரைப்பதால் பளபளப்பு வருகிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் தேய்க்கிற எந்த வீட்டிலும் இது தெரிந்த விஷயம். ஆகவே கறுத்துப்போன காப்பு போலி என்பதும் தவறு, கறுக்காதது அசல் என்பதும் தவறு. கறுக்காமலே இருந்தால் மேலே முலாமோ வார்னிஷோ இருக்கலாம்.

தங்கம் கனமான உலோகமாயிற்றே, எடை காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து கிராம் மோதிரம் ஒன்றில் தங்கம் ஒரு சதவீதம், வெள்ளி ஒரு சதவீதம், மீதியெல்லாம் பித்தளை வகை உலோகம் என்று வைத்துக்கொள்வோம். பித்தளையின் அடர்த்தியை 8.5 என்று எடுத்தால், இந்த மோதிரத்தின் அடர்த்தி ஏறக்குறைய 8.56 வரும். ஆனால் துத்தநாகத்தின் அளவைப் பொறுத்து வெறும் பித்தளையே 8.4 முதல் 8.7 வரை மாறும். தண்ணீரில் முக்கி எடை பார்த்தாலும் வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். காந்தமும் உதவாது. செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதவை. பட்டென்று ஒட்டினால், முலாம் பூசிய இரும்பு என்பது மட்டும் தெரியும்.

உருப்படியான வழி எக்ஸ்ரே கதிர் கொண்டு உலோகங்களின் சதவீதத்தைப் படிக்கும் கருவி. நகையின் தரம் பார்க்கும் கூடங்களில் இது இருக்கும், நகையை உருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கைத்தான் பார்க்கும். தங்க முலாம் பூசியிருந்தால் நிறைய தங்கம் இருப்பதாகவே காட்டும். ஆகவே காப்பின் உட்புறத்தில் கண்ணில் படாத ஓரிடத்தை அரத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு அங்கே வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். செம்பும் துத்தநாகமும் மட்டும் வந்தால் அது பித்தளைதான். தங்கமும் வெள்ளியும் வந்தால், அந்தச் சதவீதத்தை நகையின் எடையால் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன மோதிரத்தில் தங்கம் 100 மில்லிகிராம். அவ்வளவு தங்கத்தின் அன்றைய விலையைவிடக் குறைவாக மோதிரத்தையே விற்கிறார்கள் என்றால், அதில் ஒரு சதவீதத் தங்கம் இருக்க வழியில்லை, கருவியில் வைக்கும் முன்பே அது தெரிந்துவிடும்.