குண்டூர் தீர்ப்பும் கூடாத தீர்ப்பும்

சுப்பிரமணி எதிர் நடராஜன். சிதம்பரம் பிள்ளை எதிர் ராமசாமி. பெயர்களைப் பார்த்தால் திருத்தணி கோர்ட் வாசல் பலகையில் இன்று காலை ஒட்டிய வழக்குப் பட்டியல் மாதிரி இருக்கிறது. விஜயவாடாவில் ஒரு சிவில் நீதிபதி, 2025 ஆகஸ்டில் எழுதிய உத்தரவில் இவற்றை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் என்று மேற்கோள் காட்டினார். சொத்துத் தாவாவில் அட்வகேட் கமிஷனர் கொடுத்த அறிக்கையை ஆட்சேபித்து வந்த மனு அது. நான்கு தீர்ப்புகளின் பலத்தில் ஆட்சேபனையைத் தள்ளினார். அந்த நான்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏ.ஐ. கருவி ஒன்று எழுதிக் கொடுத்தவை.

ஆந்திர உயர் நீதிமன்றம், நீதிபதி நல்லெண்ணத்தில்தான் செய்தார், சட்டக் கொள்கை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, அந்த உத்தரவில் தலையிடவில்லை. வழக்கு மேலே போனது. 2026 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை வேறு விதமாகப் பார்த்தது: இல்லாத தீர்ப்பை நம்பி முடிவெடுப்பது வெறும் பிழையாகாது, நடத்தைக் கேடு. எனக்கு உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. தோற்றவன் அப்பீலுக்குப் போக வேண்டுமானால் எந்த அடிப்படையில் தோற்றோம் என்று எடுத்துப் படிக்க வேண்டும். படிப்பதற்கே ஒன்றும் இல்லையென்றால் அவன் எதை எதிர்த்து வாதாடுவான்?

சரி, ஒரு ஜூனியர் தயாரித்த குறிப்பு மேசைக்கு வருகிறது, அதில் பத்து சைட்டேஷன் இருக்கிறது. எங்கே தொடங்குவது? பலர் கட்சிக்காரர் பெயரைத் தேடுவார்கள். நான் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சுப்பிரமணிகளும் நடராஜன்களும் ஆயிரம் பேர் உண்டு. தேடினால் ஏதோ ஒரு வழக்கு வந்து நிற்கும், மனம் சமாதானமாகிவிடும். ஆனால் ஒரு தொகுதியின் ஒரு பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது மாறாது.

2023-இல் நியூயார்க்கில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஒரு விமானப் பயணி தொடுத்த இழப்பீட்டு வழக்கில், வக்கீல்கள் ‘வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்’ என்று ஒரு தீர்ப்பைக் காட்டினார்கள். 925-ஆம் தொகுதி, 1339-ஆம் பக்கம், 2019-ஆம் ஆண்டு, பதினொன்றாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட். தொகுதியைப் புரட்டினால் 1339-ஆம் பக்கம் 1291-இல் தொடங்கிய வேறொரு வழக்கின் நடுவில் விழுகிறது. அதைத் தீர்த்ததும் வாஷிங்டனில் உள்ள வேறு அப்பீல் கோர்ட். கட்சிக்காரர், கோர்ட், விஷயம் மூன்றும் பொருந்தவில்லை. வக்கீல் அதை எழுதிக் கொடுத்த ஏ.ஐ. கருவியிடமே ‘இது நிஜமான வழக்கா’ என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பதில் வந்தது. பொய் சொன்னவனையே சாட்சிக்கூண்டில் ஏற்றினால் வேறென்ன சொல்வான்? நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்த அளவு அலைய வேண்டியதில்லை. 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். எஸ்.சி.சி. தொகுதி கையில் இல்லையென்றால், தீர்ப்பு நாளையும் அப்பீல் எண்ணையும் ஜூனியரிடம் கேளுங்கள். நிஜமாகவே படித்தவரிடம் இரண்டும் இருக்கும். வெறும் தொகுதியும் பக்கமும்தான் இருக்கிறது என்று சொன்னால் அவர் தீர்ப்பைத் திறக்கவில்லை என்று பொருள். தீர்ப்பு கிடைத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. வழக்கு நிஜமாக இருந்து, அதற்குள்ளிருந்து எடுத்ததாகச் சொல்லும் பத்தி மட்டும் பொய்யாக இருப்பதுதான் கண்டுபிடிக்கக் கடினம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியத்தில் ஐந்தாறு சொற்களை எடுத்துத் தீர்ப்புக்குள் தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்தால், அது நீதிபதி சொன்னதா, தோற்ற தரப்பின் வாதத்தை அவர் எடுத்துச் சொன்ன இடமா என்று முன்னும் பின்னும் ஒரு பக்கம் படிக்க வேண்டும்.

திருத்தணிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே நிஜமானதே பொய் போலத் தெரியும்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் போராட்டமும் படாஸ்கர் ஏற்பாடும் நடந்து, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. இடையில் ஆறரை ஆண்டு. அந்த ஆண்டுகளில் ஆந்திர சட்டமன்றம் போட்ட சட்டம் இந்த ஊர் நிலத்துக்கும் பொருந்தியது. எல்லை மாறியதாலேயே பழைய சட்டம் தானாக ஒழிந்துவிடாது என்று இத்தகைய எல்லைச் சட்டங்களில் ஒரு பிரிவு வைப்பார்கள். புது மாநிலச் சட்டமன்றம் மாற்றும் வரை பழையதே ஓடும்.

இப்போது ஒரு இனாம் நிலத் தாவாவுக்கான குறிப்பில், ‘ஆந்திர இனாம்கள் (ஒழிப்பு, ரயத்துவாரியாக மாற்றல்) சட்டம், 1956’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் உட்கார்ந்து சரிபார்ப்பவர், தமிழ்நாட்டு நிலத்துக்கு ஆந்திரச் சட்டமா, இது மெஷின் உளறல் என்று சிவப்பு மையில் அடித்துவிடுவார். அது அசல் சட்டம். அந்த ஆண்டின் 37-ஆம் எண். அது எந்த நாள் வரை இங்கே ஓடியது, அதற்குப் பின் எது வந்தது என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

அதே குறிப்பில் ‘ஏ.ஐ.ஆர். 1955 ஆந்திரா 87’ என்று இருந்தால் கலங்க வேண்டாம். 1954 ஜூலை 5 முதல் குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் இயங்கியது. அதற்கு முந்தைய மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று அதன் முழு அமர்வு சொன்ன தீர்ப்பு அது. ஆனால் ‘ஏ.ஐ.ஆர். 1952 ஆந்திரா’ என்று ஒன்று வந்தால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அந்த ஆண்டில் அப்படியொரு உயர் நீதிமன்றம் கிடையாது. திருத்தணி முன்சீப் கோர்ட்டிலிருந்து 1958-இல் மெட்ராஸுக்கு அப்பீல் போனதாக எழுதியிருந்தாலும் சந்தேகப்படலாம். அப்போது இந்த ஊருக்கு உயர் நீதிமன்றம் ஹைதராபாத்.

சட்டப் பிரிவுகளிலும் நாள் பார்ப்பது உதவும். பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள்தான். அதில் 420-ஆம் பிரிவு என்று யாராவது எழுதினால் பழைய ஞாபகம் பேசுகிறது. பத்திரப்பதிவுச் சட்டம் 77-ஏ பிரிவு இன்னும் நுட்பமானது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாடு 2022-இல் சேர்த்தது. மத்திய சட்டத்தின் பொதுப் பிரதியில் தேடினால் கிடைக்காது, ஆனால் இருந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. எல்லையோரச் சொத்து விவகாரங்களில் இது அடிக்கடி குறிப்புகளில் தலைகாட்டக்கூடிய பிரிவு. ஏ.ஐ. இதைக் கற்பனை செய்யவில்லை. ஆனால் பிரிவின் உயிர் போன பின்னும் அது உயிரோடு இருப்பதாகச் சொல்லும்.

கடைசியாக, கிடைக்காதது எல்லாம் பொய்யில்லை. மெட்ராஸ் லா ஜர்னல் 1891-இலிருந்து வருகிறது. அதன் பழைய தொகுதிகளில் இருக்கும் தீர்ப்பு எல்லாம் இலவசத் தளங்களில் அகப்படாது. அப்படிப்பட்ட இடத்தில் ‘இல்லை’ என்று எழுதாமல், எங்கே எங்கே தேடினோம் என்பதை ஓரத்தில் எழுதி, ‘முதல் பக்க நகல் வேண்டும்’ என்று குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. நகலைக் கொண்டுவர வேண்டியவர் குறிப்பை எழுதியவர். தேடி அலைய வேண்டியவர் நாம் இல்லை.